மூன்று வருடமாகச் சுவரில் தொங்கும் வடிவியல் தாள்

தக்கலைப் பக்கம் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஸ்டேஷனரி கடையில் வடிவியல், அளவியல் தேற்றத் தாள் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் தேற்றங்கள், படம், நான்கைந்து வரியில் நிரூபணச் சுருக்கம். மறுபக்கம் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம். லேமினேஷன் செய்தது. நம்ம ஊருக்கு இரண்டு பருவமழையும் வருமே, அதில் ஓரம் பிரிந்து ஈரம் ஏறிவிட்டது. செலோடேப் ஒட்டிச் சமாளிக்கிறேன்.

சூத்திரங்களில் இதுவரை ஒரு தவறும் பார்க்கவில்லை. வம்பு வந்தது படத்தில்தான்.

முதல் வருடம் ஒரு தேர்வு வைத்தேன். முக்கோணம் ABC-யில் AB = 4, AC = 8, BC = 6. கோணம் A-யின் இருசமவெட்டி AD. BD எவ்வளவு? பாதிப் பிள்ளைகள் 3 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டு, “எப்படி மக்ளே 3 வந்தது?” என்று கேட்டேன். “படத்துல D நடுவுலதானே இருக்கு டீச்சர்!” என்று சுவரைக் காட்டினாள்.

அவள் சொன்னது சரிதான். வரைந்தவர் அழகுக்காக AB-யையும் AC-யையும் சமமாகப் போட்டுவிட்டார். இருசமபக்க முக்கோணத்தில் உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியே நடுக்கோடாகவும் இருக்கும். ஆனால் தேற்றம் சொல்வது BD/DC = AB/AC. இந்தக் கணக்கில் 4/8, அதாவது 1 : 2. அப்படியானால் BD = 2, DC = 4. அன்று ராத்திரியே வெள்ளைத்தாளில் 4, 8, 6 செ.மீ. பக்கங்களோடு முக்கோணம் வரைந்து, பழைய படத்தின் மேல் ஒட்டினேன். இப்போது D ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது தூரத்திலிருந்தே தெரிகிறது. (முதலில் 4, 8, 9 என்று வரைந்தேன். A-யில் கிட்டத்தட்ட செங்கோணமே வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பிதாகரஸைக் கூப்பிடுவார்களே என்று கிழித்துப் போட்டேன்.)

அதே தேற்றத்தின் நிரூபணச் சுருக்கத்திலும் ஒரு ஓட்டை. C வழியாக AB-க்கு இணையாக ஒரு கோடு; AD-யை நீட்டினால் அதை E-யில் சந்திக்கும்; ABD, ECD வடிவொத்த முக்கோணங்கள்; ஆகவே AB/CE = BD/DC; CE = AC. அவ்வளவுதான். CE ஏன் AC-க்குச் சமம் என்று தாளில் இல்லை. கோணம் BAE-யும் AEC-யும் ஒன்றுவிட்ட கோணங்கள், அதனால் சமம். AD இருசமவெட்டி, அதனால் BAE-யும் CAE-யும் சமம். எனவே முக்கோணம் ACE-யில் இரண்டு கோணங்கள் சமம், எதிர்ப்பக்கங்களும் சமம். ‘இருசமவெட்டி’ என்ற செய்தி நிரூபணம் முழுவதிலும் பயன்படுவது இந்த ஒரே இடத்தில்தான். தாளை மனப்பாடம் செய்தவர்கள் சரியாக இதைத்தான் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது அந்த வரியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுபக்கத்தில் எனக்குப் பிடித்தது இடைக்கண்டப் படம். வாளியின் பக்கச் சுவரைக் கீழே புள்ளிக்கோடாக நீட்டி, முழுக் கூம்பையும் காட்டியிருக்கிறார்கள். பெரிய கூம்பிலிருந்து சின்னக் கூம்பைக் கழித்தால்தான் V = (1/3)πh(R² + Rr + r²) வருகிறது என்பது பார்த்த உடனே புரியும். ஆனாலும் இரண்டு ஆரங்களின் சராசரியை எடுத்து உருளை மாதிரிப் போட்டுவிடும் பழக்கம் பிள்ளைகளிடம் போகவில்லை. அதனால் ஒரு நாள் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். R = 15, r = 8, h = 24 செ.மீ. வாளி. சூத்திரப்படி 8 × 409 × π, அதாவது 3272π. சராசரி ஆரம் 11.5 வைத்தால் 3174π. வித்தியாசம் 98π, 22/7 போட்டால் 308 மி.லி. “ஒரு பெரிய டம்ளர் தண்ணி காணாமப் போச்சே!” என்றான் ஒருவன். அந்த மிடில் டெர்ம் Rr ஏன் இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சாயுயரத்துக்கு மட்டும் படம் போதவில்லை. l = √(h² + (R − r)²) என்று எழுதியிருக்கிறார்கள், அந்தச் செங்கோண முக்கோணத்தை வரையவில்லை. கழித்தலுக்குப் பதில் கூட்டிவிடுகிறார்கள். கீழ் விளிம்பிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு பென்சிலால் போட்டேன். 7, 24, 25 தானாகவே தெரிந்தது. லேமினேஷன் மேல் பென்சில் நிற்காது, மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கிறது.