சந்தை ஆய்வுக் கேள்வித்தாளைத் தமிழாக்க நான்கு வழிகள்: ஊரிலும் நகரத்திலும் எது தாங்குகிறது?

ஆங்கிலத்தில் வந்த கேள்வித்தாளைத் தமிழாக்கிக் களத்துக்கு அனுப்ப நம் ஊரில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார். அல்லது ஆங்கிலத் தாளையே கையில் கொடுத்து, கேட்பவர் அங்கேயே தமிழில் சொல்லிக்கொள்ள விடுவார்கள். சிலர் ஊருக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என இரண்டு தாள் தயாரிப்பார்கள். நான்காவது வழியில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தனியே எழுத, ஒரு குழு உட்கார்ந்து ஒன்றாக்கி, இரண்டு இடத்திலும் ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும். எது நல்லது என்று பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு கேள்வியை நான்கு வழியிலும் ஓட்டிப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

கேள்வி ஷாம்பு பற்றியது. கடந்த 4 வாரங்களில் வீட்டு உபயோகத்துக்கு எத்தனை முறை ஷாம்பு வாங்கப்பட்டது என்பதுதான் ஆங்கில மூலத்தின் சாரம். பார்க்க எளிதான கேள்வி. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். கடினமான கேள்வியில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள்.

முதல் வழியில் இப்படி வரும்: "கடந்த நான்கு வாரங்களில் தங்கள் இல்லப் பயன்பாட்டிற்காக எத்தனை முறை ஷாம்பு கொள்முதல் செய்துள்ளீர்கள்?" இதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலமே அச்சாக வந்து நிற்கும். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் வாடிக்கையாளர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் இந்தத் தாளை எடுத்துப் போனால், கொள்முதல் என்றதும் பதில் சொல்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே கொள்முதல் என்பது அரசு செய்வது, அவர் விற்கிறவர். வீட்டுக்கு ஒரு பாக்கெட் ஷாம்பு வாங்குவதை அவர் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். கணக்காளராக வேலை பார்க்கும் சென்னைக்காரருக்கு அதே சொல் இயல்பாக இருக்கும். ஒரே வரி, இரண்டு கேள்வி.

திரும்ப மொழிபெயர்த்துப் பார்க்கும் முறை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. அதற்கு ஒரு பயன் உண்டு: விடுபட்ட சொல், மாறிப்போன எண், தவறிப்போன "இல்லை" இவற்றைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் அது சரிபார்ப்பது இரண்டு தாள்களை மட்டும். பதில் சொல்லப் போகிறவர் அந்தப் பரீட்சையில் எங்குமே இல்லை. இன்னொரு வேடிக்கை, திரும்ப மொழிபெயர்ப்பவர் திறமைசாலியாக இருந்தால் மோசமான தமிழைக்கூட நல்ல ஆங்கிலமாக்கித் தந்துவிடுவார். அவர் திறமையே குறையை மறைத்துவிடும்.

இரண்டாவது வழி, கேட்பவர் தன் வாய்மொழியில் சொல்லிக்கொள்வது. பேச்சு இயல்பாக இருக்கும், பதில் சொல்பவரும் தயங்க மாட்டார். சிக்கல் வேறிடத்தில். ஒருவர், "மாசம் எத்தனை தடவ ஷாம்பு வாங்குவீங்க?" என்று கேட்பார். நடந்து முடிந்த 4 வாரக் கணக்கு வழக்கத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. வழக்கத்தைக் கேட்டால் மனிதர்கள் நினைவைத் துழாவுவதில்லை, தோராயமாக ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் வீட்டுக்கு என்பதை விட்டுவிட்டு, "நீங்க எத்தனை தடவ வாங்குனீங்க?" என்பார். பெரும்பாலும் ஒரு கேட்பாளர் ஒரு வட்டாரத்தில்தான் வேலை செய்வார். ஆகவே அவருடைய வாய்ப்பழக்கம் அந்த வட்டார மக்களின் வாங்கும் பழக்கம்போல அட்டவணையில் ஏறிவிடும். பிறகு எந்தக் கணக்குப் போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. செலவு குறைவு என்பதற்காக இந்த வழியை எடுப்பவர்கள் கடைசியில் எதை அளந்தோம் என்று சொல்ல முடியாத நிலைக்கு வருகிறார்கள். நான்கில் இதை மட்டும் நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, ஊர்த் தாள், நகரத் தாள். கேட்டவுடன் நியாயமாகப் படும் யோசனை. ஆனால் முடிவில் ஊரில் 6 தடவை, நகரத்தில் 2 தடவை என்று வந்தால், அந்த வித்தியாசம் மக்களுடையதா, தாளுடையதா? சொல்ல ஒரே வழி, இரண்டு தாளையும் இரண்டு இடத்திலும் கலந்து கொடுத்து ஒப்பிடுவது. அதைச் செய்ய மாதிரி அளவு பெரிதாக வேண்டும். அதற்குப் பணம் இருந்தால் ஒரே தாளையே நன்றாகச் செய்துவிடலாம். அதோடு, எல்லை எங்கே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி, பேரூராட்சி போன்றவை நேரடியாக நகர்ப்புறம். மற்ற ஊர்கள் குறைந்தது 5,000 மக்கள், ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்றையும் தாண்டினால் நகர்ப்புறம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு எந்தத் தாளைக் கொடுப்பது? இந்த மாநிலத்தில் அவரைப் போன்றவர்கள் ஏராளம்.

நான்காவது வழி, குழுவாகச் செய்வது. ஐரோப்பிய சமூக ஆய்வு 2002-இல் முதல் சுற்றிலிருந்தே இந்தப் பாணியைப் பின்பற்றுகிறது: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, கூடிப் பரிசீலிப்பது, ஒருவர் இறுதி முடிவெடுப்பது, முன்சோதனை, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. நம் ஷாம்பு கேள்வி இங்கே எப்படி மாறும் என்று பார்ப்போம்.

கொள்முதல் முதல் வாசிப்பிலேயே போய்விடும். வாங்குவது என்றால் எல்லோருக்கும் வாங்குவதுதான். அடுத்து நீங்கள். தமிழில் அது மரியாதை ஒருமையும் பன்மையும் ஆகும். வீட்டில் இருக்கும் அம்மாவிடம் கேட்டால் தன்னை மட்டும் நினைத்து, "நான் கடைக்கே போறதில்லைங்க, பையன்தான் வாங்கிட்டு வருவான், ஒரு தடவையும் இல்லை" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தையே சேர்த்துக்கொண்டு ஐந்து என்பார். இதைச் சரிசெய்ய ஒருவர், "கடைக்குப் போய் வாங்கியது" என்று சேர்க்கச் சொல்வார். அப்படிச் சேர்த்தால் நகரத்தில் செயலியில் வரவழைப்பவர் விடுபட்டுப்போவார். பிறகு ஒரு சரம் பாக்கெட் வாங்கினால் ஒன்றா, பத்தா என்ற கேள்வி. கடைசியில் இப்படி நிற்கும்:

"(தேதி) முதல் இன்று வரை, நீங்களோ உங்கள் வீட்டில் வேறு யாராவதோ எத்தனை தடவை ஷாம்பு வாங்கினீர்கள்? பாக்கெட், பாட்டில் எதுவானாலும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை வாங்கினாலும் அது ஒரு தடவைதான்."

நீளம்தான். ஆனால் வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டாது. தேதியை டேப்லெட்டே நிரப்பிவிடும். கேட்பவர் அதோடு அந்தப் பக்கத்துச் சந்தை நாளையோ அமாவாசையையோ நினைவூட்டலாம் என்று குறிப்பில் அனுமதித்துவிடலாம். வட்டார உச்சரிப்பை எழுத்தில் கொண்டுவர வேண்டாம். வாங்கினீர்கள் என்பதைக் கோயம்புத்தூர்க்காரர் ஒரு விதமாகவும் நெல்லைக்காரர் ஒரு விதமாகவும் சொல்லிக்கொள்வார்கள். சொல் மாறாமல் ஒலி மட்டும் மாறினால் அளவை கெடாது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதைப் பயிற்சியில் சொல்லிவிட வேண்டும்.

முன்சோதனையில் இன்னொன்றும் வெளியே வரும். ஊரில் தினத்தேவைக்கு ஒரு பாக்கெட் வாங்குகிறவரின் பத்து தடவையும், நகரத்தில் ஒரு பெரிய பாட்டில் வாங்குகிறவரின் ஒரு தடவையும் ஒப்பிடத்தக்கவையே அல்ல. இது மொழிபெயர்ப்பின் குற்றம் இல்லை, மூலக் கேள்வியின் குற்றம். அளவையும் கேட்கும் ஒரு துணைக்கேள்வியைச் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் திரும்பிப் போக வேண்டும். மற்ற மூன்று வழிகளிலும் இந்தச் செய்தி மேலே போய்ச் சேர இடமே இல்லை.

அளவுகோல் கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். திருப்திக்கு ஐந்து படி வைத்து நடுவில் "பரவாயில்லை" என்று போடுவது பழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் சொல்பவரின் தொனியில் நன்றாகவே இருக்கிறது என்றும் ஆகும், ஏதோ ஓடுகிறது என்றும் ஆகும். தாளில் தொனி கிடையாது. நடுப்படிக்கு "நல்லாவும் இல்லை, மோசமும் இல்லை" என்பது சற்று அலங்கோலமாகத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும். வாசிக்கத் தயங்குகிறவரிடம் அட்டை காட்டி ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட இரண்டு அடியாகக் கேட்பது நல்லது: முதலில் நல்லா இருக்கா, மோசமா, இரண்டும் இல்லையா, பிறகு ரொம்பவா, கொஞ்சமா. அப்படிக் கேட்டால் நகரத்திலும் அப்படியே கேட்க வேண்டும். ஊரில் நேரில், நகரத்தில் ஆன்லைன் படிவம் என்று பிரித்தால், எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும் ஒப்பீடு கெட்டுப்போகும்.

குடும்பத்தின் முதன்மை வருவாயாளரைக் கேட்கும் கேள்வியும் தவறாமல் சோதிக்க வேண்டியது. வீடுகளை நுகர்வோர் வகுப்புகளாகப் பிரிக்க 2011-இல் வந்த என்.சி.சி.எஸ். வகைப்பாடு ஊருக்கும் நகரத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. அதன் ஒரு கால் முதன்மை வருவாயாளரின் படிப்பு, மறு கால் வீட்டில் உள்ள 11 பொருட்களின் எண்ணிக்கை. இங்கே "குடும்பத் தலைவர்" என்று போட்டால் ரேஷன் அட்டையில் உள்ள பெயர் வரும். "சம்பாதிப்பவர்" என்றால் மாதச் சம்பளக்காரர் முன்னே வருவார், நிலத்தில் வரும் வருமானம் பின்னே போகும். "வீட்டுச் செலவுக்கு அதிகமாகப் பணம் கொடுப்பவர் யார்?" என்று கேட்டால் இரண்டு இடத்திலும் அதே ஆள் கிடைப்பார். தவறான ஆளின் படிப்பு பதிவானால் அந்த வீட்டின் வகுப்பே மாறிவிடும்.

செலவு என்று பார்த்தால் நான்காவதுதான் அதிகம், நேரமும் கூட. முழுக்கச் செய்ய முடியாதபோது நான் வெட்டுவது திரும்ப மொழிபெயர்ப்பைத்தான். அந்தப் பணத்தில் ஊரில் எட்டுப் பேர், நகரத்தில் எட்டுப் பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதில் நான் என்ன கேட்கிறேன்னு உங்க வார்த்தையில் சொல்லுங்க", "இந்த எண் எப்படி வந்துச்சு?" என்று துருவலாம். வாடிக்கையாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கோப்பில் ஏதாவது வேண்டும் என்றால், முடிந்துபோன தாளை அவருக்காக ஒருமுறை ஆங்கிலமாக்கிக் கொடுக்கலாம், அது தகவலுக்கு.

களம் தொடங்கிய முதல் இரண்டு நாள் ஒலிப்பதிவுகளை, சம்மதம் பெற்று எடுத்தவற்றை, ஊரும் நகரமுமாகக் கலந்து கேட்டால் மீதி தெரியும். ஒரு கேள்வியில் கேட்பவர் எழுதியதை மாற்றிப் படிப்பதும், பதில் சொல்பவர் "என்னங்க?" என்று திரும்பக் கேட்பதும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போனால் அந்த வரியை நிறுத்தித் திருத்த வேண்டும். இந்த எண்ணிக்கை ஊரில் மட்டும் ஏறி நகரத்தில் ஏறாமல் இருந்தால், மொத்தச் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். அந்த வரியை ஊரில் சோதித்த எட்டுப் பேரின் குறிப்பை முதலில் எடுத்துப் பாருங்கள்.