எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா, ரெயிடா? ஒரு கலியாண வீட்டுக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்து எடிட் செய்கிறவர்கள் புதுக் கொம்பியூட்டர் பார்க்கப் போனால், செக்கனுக்கு 7000 எம்பி ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் ரெயிட் போட்டால் நல்லதா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்ல முதல் ஒரு கலியாண வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று கமரா, 4கே, செக்கனுக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் ஒரு கமராவுக்கு 12.5 எம்பி. மூன்றையும் மல்டிகேமில் ஒன்றாக ஓடவிட்டால் 37.5 எம்பி, அவ்வளவுதான். ஒவ்வொரு கமராவும் 4 மணித்தியாலம் எடுத்தால் மொத்தம் 540 ஜிபி வரும். சாதாரண மெமரி கார்ட் செக்கனுக்கு 90 எம்பி அளவில்தான் கொடுக்கும், ஆகவே அதை இறக்க 100 நிமிடம் போகும், நீங்கள் இறக்குவது 7000 எம்பி டிஸ்க்காக இருந்தாலும் அதே 100 நிமிடம்தான்.

சரி, 37.5 எம்பி போதும் என்றால் 150 எம்பி ஓடும் ஹார்ட் டிஸ்க் ஏன் திக்குகிறது? ஹார்ட் டிஸ்க்கில் அந்த 150 எம்பி ஒரே கோப்பைத் தொடர்ந்து வாசிக்கும்போது கிடைக்கும் வேகம். மல்டிகேமில் அதன் முள் மூன்று கோப்புகளுக்கு இடையே மாறி மாறிப் பாயவேண்டும், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 10 மில்லிசெக்கன் போல போகும், அதற்குள் எடிட்டிங் மென்பொருள் ஒலி அலைப்படம், சின்னப் படங்கள், கேஷ் கோப்புகள் எல்லாவற்றையும் அதே டிஸ்க்கில் கேட்டுக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியில் பாய முள் இல்லை, எந்த மூலையில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கைக்கு வரும். எடிட்டருக்கு எஸ்எஸ்டி தரும் உண்மையான இலாபம் இதுதான். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 550 எம்பி சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம், சாட்டாவில் இருந்து என்விஎம்இக்கு மாறும்போது இந்த வேலையில் பெரிதாகத் தெரியாது. விலை ஒன்றாக இருந்தால் என்விஎம்இயை எடுங்கள், வயர் தேவையில்லை. 7000 எம்பிக்காகக் கூடக் காசு கொடுக்கவேண்டாம்.

காசைப் போடுவதானால் எழுதும் வேகம் கடைசிவரை நிற்கிற எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். மலிவான கியூஎல்சி எஸ்எஸ்டிகள் முதலில் வேகமான கேஷ் பகுதியில் எழுதும், அது நிரம்பியதும் சிலவற்றில் வேகம் ஹார்ட் டிஸ்க்கை விடக் கீழே விழும். கண்டுபிடிப்பது லேசு: வேறொரு எஸ்எஸ்டியில் இருந்து 200 ஜிபி ஃபோல்டர் ஒன்றை அதற்கு கொப்பி பண்ணி விண்டோஸ் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பாதியில் குத்தென்று கீழே இறங்கி அங்கேயே கிடந்தால் அதுதான் விஷயம். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷும் சுருங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.

இனி ரெயிட். ரெயிட் 0 இரண்டு டிஸ்க்கை ஒன்றாக்கி வேகத்தை இரட்டிப்பாக்கும், ஆனால் எந்த ஒன்று போனாலும் இரண்டிலும் உள்ளது போய்விடும். எஸ்எஸ்டி இருக்கும்போது ஹார்ட் டிஸ்க்குகளை அப்படிக் கட்டுவதற்குக் காரணமே இல்லை.

ரெயிட் 1 பற்றித்தான் நிறையப் பேர் தப்பாக நம்பியிருக்கிறார்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றதில் வேலை நிற்காமல் ஓடும், அதில் பிழை இல்லை. ஆனால் தாலி கட்டுற ஃபோல்டரைத் தவறி அழித்தால் அதே கணத்தில் இரண்டிலும் அழியும், ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் பூட்டும். இரண்டுமே ஒரு பவர் சப்ளையில்தான் தொங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இருந்துகொண்டு அதை யோசிக்காமல் விடமுடியாது. அந்த இரண்டு டிஸ்க்கை வாங்கும் அதே காசுக்கு ஒன்றை உள்ளே போட்டு, மற்றதை யூஎஸ்பியில் செருகிக் கொப்பி எடுத்துக் கழற்றி, கொக்குவிலில் ஸ்டூடியோ என்றால் நெல்லியடியில் சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் மேலே சொன்ன எதுவும் இரண்டையும் ஒன்றாக எடுக்காது. தனி ஆளாக எடிட் செய்கிறவருக்கு என் தீர்ப்பு இதுதான், ரெயிட் 1 வேண்டாம், தனித்தனிப் பிரதி வேண்டும். கையால் செய்யவேண்டிய வேலை என்பது மட்டும்தான் இதில் குறை. ஆகவே இரண்டு பிரதியும் எடுத்து, இரண்டிலும் சில கிளிப்புகளைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கும்வரை கார்டை ஃபோர்மட் பண்ணாதீர்கள்.

ரெயிட் 5 இரண்டு மூன்று பேர் ஒரே கோப்புகளில் வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும். 4 டிபி டிஸ்க் மூன்று போட்டால் 8 டிபி கிடைக்கும், ஒன்று போனால் தாங்கும். போன டிஸ்க்கை மாற்றியதும் மற்ற இரண்டையும் முழுதாக வாசித்துத்தான் புதியதை நிரப்பும், செக்கனுக்கு 150 எம்பி என்று வைத்தாலும் ஏழரை மணித்தியாலம், இடையில் ஆட்கள் வேலை செய்தால் இன்னும் கூட. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் டிஸ்க்குகளுக்கு இடையே கணக்குப் பிசகலாம், ஆகவே தானாக நிறுத்தச் சொல்லி சிக்னல் கொடுக்கும் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. அதற்குப் பிறகும் வெளியே ஒரு பிரதி வேண்டும்.

முடித்த வேலைகளை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கனடாவில் இருந்து மூன்று வருடம் கழித்து ஒருவர் பழைய வீடியோ கேட்பார், அவ்வளவு காலம் கரண்ட் இல்லாமல் அலமாரியில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல, அதில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் வேகமாக. ஹார்ட் டிஸ்க் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் சாகும்: CrystalDiskInfo-வில் Current Pending Sector Count என்ற வரி மஞ்சளாகிவிட்டால் அன்றே கொப்பி எடுக்கவேண்டும். எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போகும், அழித்த கோப்பையும் பெரும்பாலும் மீட்கமுடியாது.

கொம்பியூட்டருக்கு வருவோம். திக்கும்போது Task Manager-இல் Performance-ஐத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நிற்க எம்பி எண்ணிக்கை சிறிதாக இருந்தால் டிஸ்க்தான் காரணம். டிஸ்க் சும்மா கிடக்க சிபியூ 100 வீதம் என்றால் எந்த எஸ்எஸ்டியும் உதவாது, சுருக்கி எழுதிய கமரா கோப்பைப் பிரித்துப் படமாக்கவே சிபியூ திணறுகிறது. 10 பிட் 4:2:2 எச்.265 எடுக்கும் கமராக்களில் இது வழமை. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அதைப் பிரிக்கும், என்விடியாவில் 50 வரிசைக்கு முந்திய கார்டுகளால் முடியாது. ஆகவே பழைய என்விடியா கார்ட் ஒன்று கையில் இருக்கிறது என்று, மலிவாகக் கிடைக்கும் F எழுத்தில் முடியும் இன்டெல் சிபியூவை வாங்கிவிடாதீர்கள், அதில் அந்த உள் கிராபிக்ஸே இயங்காது.