அறாத பாலியா, அறும் மல்டியா: கிளப் ஆட்டக்காரருக்கு எந்த ஸ்ட்ரிங்?

இரண்டு வருஷம் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கில் டென்னிஸ் ஆடிவிட்டு, போன வருஷம் மல்டிஃபிலமென்ட்டுக்கு மாறினேன். நடுவில் ஒரு செட் நேச்சுரல் கட்டும் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றையும் ஒரே ராக்கெட்டில்தான் போட்டேன்: தலை 100 சதுர அங்குலம், எடை 300 கிராம், நெடுக்கில் 16, குறுக்கில் 19 ஸ்ட்ரிங். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் டபுள்ஸ். நான் மல்டி பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை விஷயங்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பாலி என்பது ஒற்றை இழை, விறைப்பானது. மல்டி என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய நைலான் இழைகளைப் பிசினில் சேர்த்துத் திரித்தது. நேச்சுரல் கட் மாட்டுக் குடலின் சவ்விலிருந்து வருவது. மூன்றிலும் விலை கூடியது அதுதான்.

பாலியில் ஏன் எல்லாரும் போய் விழுகிறோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பந்தை மேல்நோக்கித் தேய்த்து அடிக்கும்போது நெடுக்கு ஸ்ட்ரிங்குகள் பக்கவாட்டில் நழுவி, பந்து கிளம்புவதற்குள் படக்கென்று தம் இடத்துக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பலில்தான் கூடுதல் டாப்ஸ்பின் கிடைக்கிறது. பாலியின் மேற்பரப்பு வழுவழுப்பாகவும் இழை விறைப்பாகவும் இருப்பதால் இது அதில் நன்றாக நடக்கும். 1997இல் குஸ்டாவோ குவேர்ட்டன் லக்ஸிலான் பாலியோடு பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரிசையாக அந்தப் பக்கம் போனார்கள், அவர்களைப் பார்த்து நாமும் போனோம். புதுப் பாலியின் முதல் வாரத்தை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன். முழு வீச்சில் ஃபோர்ஹேண்ட் அடித்தால் பந்து நெட்டுக்கு மேலே உயரமாகப் போய், பேஸ்லைனுக்கு உள்ளே சட்டென்று இறங்கும். அந்த நம்பிக்கையை மல்டி எனக்கு அதே அளவில் தந்ததில்லை.

பிரச்சினை இரண்டாவது வாரத்துக்கு அப்புறம். பாலி அறுவதற்கு ரொம்ப நாள் முன்பே இறுக்கம் தளர்ந்து செத்துவிடும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஸ்ட்ரிங் நேராக, பளபளப்பாக இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் புதிது போட்டுக்கொள்வார். நாம் அறுந்தால்தான் மாற்றுவோம், நம் வீச்சுக்கு அது சுலபத்தில் அறாது. அதனால் ஒரு கிளப் ஆட்டக்காரர் பாலியில் ஆடும் நேரத்தில் பெரும்பகுதி செத்த பாலியில் ஆடும் நேரம்தான். என்னுடைய இரண்டு வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இதை அளந்து பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்ட்ரிங்கில் செருகிய ரப்பர் டாம்பனரைக் கழற்றிவிட்டு, ராக்கெட்டின் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் நடுவில் பேனாவின் பின்பக்கத்தால் தட்டுங்கள். கிதார் சுருதி பார்க்கும் செயலி எதையாவது ஃபோனில் திறந்து வைத்தால் அந்த ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும். ஐந்தாறு தடவை தட்டி, திரும்பத் திரும்ப வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங் போட்ட அன்றே அளக்க வேண்டாம், எந்த ஸ்ட்ரிங்காக இருந்தாலும் முதல் நாளிலேயே கொஞ்சம் தளரும். மறுநாள் அளந்ததை ஆரம்ப எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

என் கடைசிப் பாலி 50 பவுண்டு இழுவிசையில், அதாவது டென்ஷனில், போட்டது. மறுநாள் 560 ஹெர்ட்ஸ் காட்டியது. இரண்டு வாரம், அதாவது சுமார் ஒன்பது மணி நேரம் ஆடிய பிறகு 530. நாலாவது வாரக் கடைசியில் 510. 560, 510 என்றால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் டென்ஷன் இந்த எண்ணின் வர்க்கத்தோடு மாறும். 510ஐ 560ஆல் வகுத்தால் 0.91, அதை அதனாலேயே பெருக்கினால் 0.83. அதாவது மறுநாள் இருந்த டென்ஷனில் 17 சதவீதம் பதினெட்டு மணி நேர ஆட்டத்தில் போயிருக்கிறது, ஒரு இழைகூட அறாமல். அதே வாரத்தில்தான் என் ஃபோர்ஹேண்ட் ஒவ்வொன்றும் ஒரு அடி, இரண்டு அடி நீளமாக விழுந்துகொண்டிருந்தது. நான் வீச்சைக் குறைத்து, மணிக்கட்டை இறுக்கி, பந்தைக் கோர்ட்டுக்குள் வைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். தவறு என் கையில் இல்லை, ஸ்ட்ரிங்கில் இருந்தது என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஃபோன் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். நெடுக்கு ஸ்ட்ரிங் ஒன்றை விரலால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். புதுப் பாலி என்றால் டிக்கென்று திரும்பி வரும். அது தள்ளின இடத்திலேயே நின்றால், நெடுக்கும் குறுக்கும் உரசும் இடங்களில் பள்ளம் விழுந்து ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நகத்தை ஓட்டிப் பார்த்தால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். ஸ்பின்னுக்காகத்தான் பாலி போட்டோம் என்றால், அந்த நாளோடு அதைப் போட்டதற்கான காரணமே முடிந்துவிட்டது.

முழங்கை விஷயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு வெளிப்பக்கம் வலி வந்தது பாலியின் இரண்டாம் வருஷத்தில்தான், மல்டிக்கு மாறி மூன்று மாதத்தில் குறைந்தது. இடையில் பயிற்சியும் செய்தேன், சர்வீஸையும் கொஞ்சம் மாற்றினேன், அதனால் முழுப் பழியையும் ஸ்ட்ரிங் மேல் போட மாட்டேன். ஆனால் பாலி விறைப்பானது, நடுவில் படாத பந்தின் அதிர்ச்சி அதில் கூடுதலாகக் கைக்கு வரும். செத்த பாலியில் பந்தை அடக்குவதற்காகப் பிடியை இறுக்கி ஆடுகிறோம் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

சரி, மல்டி. முதல் நாளே தெரியும் வித்தியாசம் வாலியில்தான். நெட்டருகே ராக்கெட்டைச் சும்மா காட்டினால் போதும், பந்து ஆழமாகப் போகும், கையில் மெத்தென்று இருக்கும். டபுள்ஸில் நமக்கு வரும் பந்துகளில் பாதி தடுத்தாடுவதும் தள்ளிவிடுவதும்தான். அரை வீச்சில் பாலி நெளியவே நெளியாது, மல்டி நெளியும். லோப், சர்வீஸ் ரிட்டர்ன் இரண்டும் எனக்கு உடனே மேம்பட்டன. ஸ்பின் குறைந்தது உண்மைதான். முழு வீச்சு ஃபோர்ஹேண்டில் முன்பு இருந்த இறக்கம் இல்லை, நெட்டுக்கு மேலே அவ்வளவு உயரம் இப்போது கொடுப்பதில்லை.

பராமரிப்பில்தான் மல்டி எனக்கு ஜெயிக்கிறது. அதே முறையில் அளந்தேன்: மறுநாள் 562, நாலு வாரத்தில் 545. கணக்குப் போட்டால் ஆறு சதவீதத்துக்குப் பக்கம். (இரண்டு வகை ஸ்ட்ரிங்கின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள், இழையின் எடை மாறினால் எண்ணும் மாறும், ஒவ்வொன்றையும் அதன் ஆரம்ப எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.) அது மட்டுமில்லை, மல்டி தன் வயதைக் கண்ணுக்குக் காட்டும். ஆறாவது வாரத்தில் நடுவில் முடி முடியாகப் பிரியத் தொடங்கும், அப்புறம் பஞ்சு போல ஆகும், ஒரு நாள் சர்வீஸில் அறுந்துபோகும். எனக்கு அது ஒன்பதாவது வாரத்தில், நாற்பது மணி நேரத்தை ஒட்டி நடந்தது. அந்த நாற்பது மணியிலும் ராக்கெட் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடியது. பாயிண்டுக்குப் பாயிண்டு ஸ்ட்ரிங்கை விரலால் நேராக்க வேண்டியிருக்கும், அது ஒரு தொல்லை. பழகிவிடும்.

நேச்சுரல் கட்டைப் பற்றி ஒரே ஒரு செட்டை வைத்துத்தான் பேசுகிறேன், அதனால் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். மல்டி தரும் மென்மை எதைப் பார்த்துச் செய்தது என்பது அதில் அடித்தால் புரியும். பந்து ஒரு கணம் உள்ளே போய் உட்கார்ந்து, அதே வேகத்தோடு கிளம்பும். டென்ஷனைப் பிடித்து வைப்பதில் மூன்றிலும் அதுதான் முதல், அறும் நாள் வரை உயிரோடு இருக்கும். பீட் சாம்ப்ரஸ் அதைத்தான் மிக இறுக்கமாகக் கட்டி ஆடினார். ஆனால் ஈரம் ஆகாது. என்னுடையது ஒரு நாள் தூறலில் பத்து நிமிஷம் நனைந்தது, இழை உப்பி முறுக்குப் பிரிந்தது, அடுத்த வாரமே விளிம்பில் பட்ட ஒரு பந்தில் போய்விட்டது. ஸ்ட்ரிங் போடும்போது ஒரு இடத்தில் மடங்கினாலும் அங்கேயே பலவீனம் வரும், அதனால் அதைப் போட்டுப் பழகிய கை வேண்டும். உள் அரங்கில் ஆடுபவருக்கு, விலை பொருட்டில்லாதவருக்கு இதைவிட நல்லது இல்லை என்றே நினைக்கிறேன். ரோஜர் ஃபெடரர் நெடுக்கில் நேச்சுரல் கட்டும் குறுக்கில் பாலியும் போட்டதைப் போன்ற கலவையை நான் முயலவில்லை.

மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாலியின் டென்ஷனிலேயே மல்டி போட்டால் பந்து பறக்கும். நான் 50இலிருந்து 54 பவுண்டுக்கு ஏற்றினேன், தடிமன் 1.30 மில்லிமீட்டர், அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பழைய பாலியை அறுத்தெடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று வெளிப்பக்கமாகப் போங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் வெட்டினால் சட்டத்தின் மேல் இழுவை ஒருபக்கமாக விழும்.

முழு வீச்சில் சுழற்றி அடித்து, பத்து மணி நேரத்துக்குள் மல்டியை அறுத்துவிடுகிறவர்களுக்கு நான் சொன்னது பொருந்தாது. அவர்கள் பாலியே போடட்டும், ஆனால் மெல்லியதாக, டென்ஷனைக் குறைத்து, மூன்றாவது வாரத்தில் அறாமல் இருந்தாலும் கத்தரியை எடுக்கட்டும்.