கேக் கொண்டுபோகும் டெலிவரி பை: இரண்டு வருடம் கழித்து

நேற்றுதான் என் டெலிவரி பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டு வந்தேன், 120 ரூபாய் ஆனது. வீட்டுக்குள் நுழையும்போதே மேலூரில் புதிதாகக் கேக் போட ஆரம்பித்திருக்கும் தோழி போன் செய்து, "அக்கா, உங்ககிட்ட இருக்கிற அதே பை இப்ப 800 ரூபாய்க்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டாள். நான் 1150 கொடுத்து வாங்கியது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வெயில் விஷயத்தில் இந்தப் பையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பை எதையும் குளிர வைக்காது, உள்ளே இருக்கிற குளிரை வேகமாக வெளியே விடாது, அவ்வளவுதான். அதனால் குளிர் கேக்கிலேயே இருக்க வேண்டும். டிசைன் முடித்த கையோடு எடுத்துக்கொண்டு ஓடினால் எந்தப் பையும் காப்பாற்றாது. நான் முந்தின நாள் இரவே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். போன மே மாதம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டிக்கு ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச் கொண்டுபோனேன். நான்-டெய்ரி கிரீம், இரண்டு ஜெல் பேக், மத்தியான நேரம். இறங்கித் திறந்து பார்த்தால் ஓரத்துப் பூ ஒன்றுகூடத் தளரவில்லை. ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி, பெட்டியில் படாமல் மேல்பக்கமாகக் கட்டியிருந்தேன். குளிர்ந்த காற்று கீழே இறங்கும், அதோடு ஜெல் பேக்கில் வேர்க்கிற தண்ணீர் அட்டைப் பெட்டியை ஊற வைக்காது. அந்த ஒரு நாளுக்கே பைக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் இதன் அடிப்பாகம் இருக்கிறதே, இரண்டு வருடமாக எனக்கு அதோடுதான் சண்டை. அடியில் வெறும் ஃபோம் ஷீட்தான், கெட்டியாக ஒன்றும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து தோணி மாதிரி ஆகிவிடும், உள்ளே பெட்டி சாயும். போதாததற்கு உள்ளே வழவழப்பான வெள்ளி ஷீட். பையின் உள்அகலம் 16 அங்குலம், என் கேக் பெட்டி 10 அங்குலம், ஓடி விளையாடலாம்.

விளையாடியது. ஸ்கூட்டரில் திருமங்கலம் போகும்போது நாய் குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடித்தேன். பிறந்தநாள் வீட்டில் திறந்து பார்த்தால் கிரீம் சில்லென்று கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் முன்பக்கச் சுவர் முழுக்கப் பெட்டியில் ஒட்டி, மூன்று ரோஜா நசுங்கிப் போயிருந்தது. பாதிப் பணம்தான் வாங்கினேன். அந்தக் குழந்தை கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் கேக் ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் வழுக்கும் என்று புரிந்தது. கேக்குக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு ஸ்பூன் உருக்கிய சாக்லேட் தடவி வைத்தால் ஃபிரிட்ஜில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். போர்டு பெட்டிக்குள் ஆடாத அளவில் இருக்க வேண்டும், 10 அங்குலப் பெட்டிக்கு 10 அங்குலப் போர்டு. மூன்றாவது பெட்டிக்கும் பைக்கும் நடுவே. அங்கே டிராயரில் விரிக்கிற ரப்பர் வலை விரிப்பைப் போட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் துண்டைச் சுருட்டித் திணித்துவிடுவேன். கிளம்பும் முன் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பேன். உள்ளே லேசாக ஒரு சத்தம் வந்தாலும் போர்டு ஆடுகிறது என்று அர்த்தம், திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

வைக்கிற இடமும் முக்கியம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற தளம்தான் சமமானது. சீட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது, கீழே எஞ்சின் சூடு. பஸ்ஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டாகப் பார்த்து, இரண்டு காலுக்கும் நடுவே தரையில் துண்டு மடித்துப்போட்டு அதன்மேல் வைப்பேன். கடைசி சீட்டில் தூக்கிப் போடும், மடியில் வைத்தால் சாய்ந்துவிடும்.

இத்தனையும் செய்தால் பை நன்றாகவே வேலை செய்கிறது. திருமங்கலத்துக்குப் பிறகு ஒரு கேக்கும் கெடவில்லை. இருந்தும் தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அடியில் ஒரு பலகை வைக்கத் தெரியாதவர்களுக்கு 800 ரூபாய் எதற்குக் கொடுக்க வேண்டும்? மூடியோடு ஒரு புதுத் தெர்மாகோல் பெட்டி வாங்கிக்கொள், அடி தட்டையாக இருக்கும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடு என்றேன். மூலை சீக்கிரம் உடையும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம், அதையும் சொல்லிவிட்டேன்.

ஏற்கெனவே இந்தப் பையை வாங்கிவிட்டவர்கள் உள்தளத்தை அளந்து, பக்கத்துக்குக் கால் அங்குலம் குறைத்து 6 மில்லிமீட்டர் ப்ளைவுட் வெட்டி வாங்கிப் போடுங்கள். மூலைகளைத் தேய்த்து உருட்டிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளி ஷீட்டைக் கிழித்துவிடும், என்னுடையது கிழிந்துவிட்டது.