குவியும் பங்கா, குவியா பங்கா: மந்தமான ஆண்டில் மிஞ்சுவது எவ்வளவு?

முன்னுரிமைப் பங்கு என்பது சாதாரணப் பங்குக்கு முன்பே ஈவுத்தொகை பெறும் பங்கு. ஒரு நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்கு முதல் 100 லட்சம் ரூபாய், ஈவுத்தொகை 8 சதவீதம். ஆண்டுக்கு 8 லட்சம் தர வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. யாருக்கும் ஈவுத்தொகை தரவில்லை. மூன்றாம் ஆண்டில் 20 லட்சம் லாபம். சாதாரணப் பங்குகளின் எண்ணிக்கை 4 லட்சம்.

முன்னுரிமைப் பங்குகள் குவியாதவை என்றால், தவறிய இரண்டு ஆண்டுகள் போனது போனதுதான். இந்த ஆண்டுக்கான 8 லட்சம் போக 12 லட்சம் மிஞ்சும், அதாவது சாதாரணப் பங்கு ஒன்றுக்கு 3 ரூபாய்.

குவியும் பங்குகளில் கணக்கே வேறு, தராத ஈவுத்தொகை நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகும். பழைய நிலுவை 16, இந்த ஆண்டுக்கு 8, ஆக 24 லட்சம். கையில் இருப்பதோ 20. அத்தனையும் முன்னுரிமைப் பங்குதாரருக்கே போய்விடும். சாதாரணப் பங்குதாரருக்கு ஒன்றுமில்லை, 4 லட்சம் அடுத்த ஆண்டுக்கும் நிலுவை.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு பங்குக்கான வருவாயைக் கணக்கிடும்போது குவியும் பங்குகளுக்கு நடப்பு ஆண்டின் 8 லட்சத்தை மட்டுமே கழிப்பார்கள். பழைய நிலுவை அதில் வராது. ஆகவே இரண்டு நிலைகளிலும் அந்த எண் 3 என்றே தெரியும், ஒன்றில் கைக்கு ஒரு காசுகூட வராது. அறிவிக்கப்படாத நிலுவை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகவும் நிற்காது. நிதியறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் ஒரு வரியாக இருக்கும். சாதாரணப் பங்கு வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.