நேரடி முறையா, சராசரியிலிருந்து விலக்கமா, ஊகச் சராசரியா: ஒரே டேபிளை மூன்று வழியில் போட்டுப் பார்ப்போம்

ஒட்டுறவுக் கெழுவுக்கு (அதாவது r-க்கு) புத்தகத்தில் மூன்று சூத்திரம் இருக்கும். "மூன்றும் ஒன்றுதான், எது வேண்டுமானாலும் போடு" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். இயற்கணிதப்படி ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேனாவும் தாளும் சின்ன கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றும் ஒன்று இல்லை. ஒன்றில் சின்னப் பிழை பெரிதாக வளர்கிறது, இன்னொன்றில் வேலை அதிகம், மூன்றாவதில் ஒரு வரியை மறந்தால் விடை சரி மாதிரியே தெரிந்துகொண்டு தப்பாக இருக்கும்.

நானே எழுதிக்கொண்ட ஆறு ஜோடி எண்கள். x என்பது உயரம், சென்டிமீட்டரில். y என்பது எடை, கிலோவில்.

```
x : 152  155  158  161  165  168    Σx = 959
y :  48   53   51   58   59   65    Σy = 334
```

சராசரிகள் 159.8333..., 55.6666... என்று இழுத்துக்கொண்டு போகின்றன. வேண்டுமென்றேதான் இப்படி எடுத்தேன், ஏனென்றால் பாடத்தில் மட்டும்தான் சராசரி முழு எண்ணாக வரும்.

முதலில் நேரடி முறை. x, y, xy, x², y² என்று ஐந்து பத்தி போட்டுக் கூட்டுகிறோம். கடைசியில் r-உடன் b-யும் வரும், அது x-ஐ வைத்து y-ஐக் கணிக்கும் கோட்டின் சாய்வு.

```
Σxy = 53562   Σx² = 153463   Σy² = 18784

6·53562 − 959·334  = 321372 − 320306 = 1066
6·153463 − 959²    = 920778 − 919681 = 1097
6·18784 − 334²     = 112704 − 111556 = 1148

b = 1066/1097 = 0.9717
r = 1066/√(1097·1148) = 0.950
```

விடை சரி. ஆனால் அந்தக் கழித்தல்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மூன்று லட்சத்துச் சொச்சத்திலிருந்து மூன்று லட்சத்துச் சொச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஆயிரம்தான். நமக்கு வேண்டிய தகவல் முழுக்க அந்த ஆயிரத்தில் இருக்கிறது, மீதி எல்லாம் வெறும் பாரம். 161 × 58-ஐ 9338 என்று எழுதாமல் 9328 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம், கை தவறி ஒரு இலக்கம். Σxy-இல் அது ஐயாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட இல்லை. ஆனால் 1066 இப்போது 1006 ஆகிறது, சாய்வு 0.917 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் போச்சு.

இதைவிட மோசமானது, இதே முறையைச் சராசரியால் எழுதிய வடிவத்தில் போடுவது, அதாவது Σxy/n − x̄ȳ என்று. பார்க்க அழகாக இருப்பதால் பலர் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சராசரிகளை ஒரு தசமத்துக்குச் சுருக்கி 159.8, 55.7 என்று வைத்தால் மேலே 8927 − 8900.86 = 26.14, கீழே 25577.17 − 25536.04 = 41.13, சாய்வு 0.636. உண்மையான விடை 0.972! இரண்டு தசமம் வைத்தாலும் (159.83, 55.67) 0.928-தான் வருகிறது. ஒரு தசமக் கணக்கில் r-உம் 0.95-இலிருந்து 0.77-க்கு இறங்கிவிடுகிறது. சூத்திரம் சரி, பெருக்கல் சரி, ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் விடை தப்பு. தசமத்தைச் சுருக்கியதுதான் காரணம் என்பது பலருக்குக் கடைசிவரை பிடிபடாது, திரும்பத் திரும்பப் பெருக்கலையே சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரடி முறையில்தான் போட வேண்டும் என்றால் நான் மேலே எழுதியபடி n-ஆல் பெருக்கிய வடிவத்தில், கடைசி வகுத்தல் வரை முழு எண்களாகவே வைத்துக்கொண்டு போங்கள். எண்கள் 2, 5, 7 மாதிரி சின்னதாக இருந்தால் இந்த முறை அருமையாக வேலை செய்யும். அப்போது வேறு எதையும் தேட வேண்டாம்.

அடுத்தது, உண்மையான சராசரியிலிருந்து விலக்கம் எடுப்பது. இது எதைக் கணக்கிடுகிறோம் என்பதை வெளிப்படையாகக் காட்டும் என்பதால் எனக்குப் பிடித்த முறை. உயரமும் சராசரிக்கு மேல், எடையும் சராசரிக்கு மேல் என்றால் பெருக்கல் நேர்க்குறி. ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் எதிர்க்குறி. நம் டேபிளில் ஆறு ஜோடியும் நேர்க்குறிதான், அதனால் r பெரிதாக வரும் என்று கூட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. தசமத்தைச் சுருக்கினால் இது ஆடுவதும் இல்லை. விலக்கங்களை −7.83, −4.83 என்று இரண்டு தசமத்தில் வைத்துப் பெருக்கிக் கூட்டினேன், 177.6666 வந்தது. துல்லியமான விடை 1066/6, அதாவது 177.6667.

சரி, அப்புறம் என்ன குறை? வேலைதான் குறை. 7.83 × 7.67, 4.83 × 2.67 என்று பதினெட்டுப் பெருக்கல், எல்லாம் தசமத்தில். தேர்வில் நேரம் இருக்காது, வீட்டில் பொறுமை இருக்காது. சராசரி இரண்டும் முழு எண்ணாக வந்தால் மட்டும் யோசிக்காமல் இந்த முறைக்குப் போங்கள்.

மூன்றாவது ஊகச் சராசரி. சராசரிக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணை நாமே எடுத்துக்கொண்டு அதிலிருந்து விலக்கம் எடுப்பது. இங்கே x-க்கு 160, y-க்கு 56.

```
u = x−160 : −8  −5  −2   1   5   8    Σu = −1
v = y−56  : −8  −3  −5   2   3   9    Σv = −2
uv        : 64  15  10   2  15  72    Σuv = 178
u²        : 64  25   4   1  25  64    Σu² = 183
v²        : 64   9  25   4   9  81    Σv² = 192

6·178 − (−1)(−2) = 1066
6·183 − (−1)²    = 1097
6·192 − (−2)²    = 1148
```

அதே 1066, 1097, 1148. தோராயமாக இல்லை, இலக்கம் மாறாமல் அதே எண்கள். எல்லாப் பெருக்கலும் வாய்ப்பாட்டுக்குள் அடங்கிவிட்டது, கால்குலேட்டரை எடுத்தது கடைசி வகுத்தலுக்கும் வர்க்கமூலத்துக்கும் மட்டும்தான். புள்ளிகளை மொத்தமாக இடம் நகர்த்தினால் அவற்றுக்கு நடுவே போகும் கோட்டின் சாய்வோ r-ஓ மாறாது என்பதால்தான் இது நடக்கிறது.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். ΣuΣv-ஐக் கழிக்கும் அந்தத் திருத்தத்தை மறந்துவிடுவது. 160, 56 என்று நல்ல இடத்தில் எடுத்திருந்தால் மறந்தாலும் பெரிதாகத் தெரியாது, 178/183 = 0.973 வரும். 150, 50 என்று எடுத்துவிட்டு மறந்தால்? அப்போது Σuv = 512, Σu² = 763, Σv² = 384. திருத்தம் இல்லாமல் சாய்வு 512/763 = 0.671, முழுக்கத் தப்பு. ஆனால் அதே தப்புக் கணக்கில் r எவ்வளவு தெரியுமா? 0.946! உண்மையான 0.950-க்கு ஒட்டி நிற்கிறது. r-ஐ மட்டும் பார்த்து "சரியாகத்தான் வந்திருக்கிறது" என்று நம்பி, அந்த நம்பிக்கையில் கோட்டையும் எழுதிவிடுவோம். ஆக r பொருந்திவிட்டது என்பதை வைத்துச் சாய்வும் சரி என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். (திருத்தத்தைச் சேர்த்தால் 150, 50-உம் அதே 1066, 1097-ஐத்தான் தரும், போட்டுப் பாருங்கள்.)

பத்திகளைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் u+v எழுதி வர்க்கம் எடுத்துக் கூட்டுங்கள். நம் டேபிளில் −16, −8, −7, 3, 8, 17. வர்க்கங்களின் கூடுதல் 731. இது Σu² + 2Σuv + Σv²-க்குச் சமமாக இருக்க வேண்டும்: 183 + 356 + 192 = 731. நேரடி முறையிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் 200, 208 என்று போகும் எண்களின் வர்க்கத்தை யார் எடுப்பார்கள். சரிபார்ப்பு எளிதாக இருந்தால்தான் நாம் அதைச் செய்வோம், ஊகச் சராசரியை நான் முதலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கோடு. y-ஐக் கணிக்க வேண்டியதால் x மேல் y-இன் தொடர்புப் போக்குக் கோடு. மூன்று முறையிலும் சாய்வு ஒன்றே, பிரச்சினை வெட்டுத்துண்டில் வருகிறது.

```
y − 55.667 = 0.97174 (x − 159.833)
y = 0.97174x − 99.65
```

சாய்வை 0.97 என்று சுருக்கிவிட்டு, வெட்டுத்துண்டை மட்டும் −99.65 என்று வைத்துக்கொண்டால் 160 செ.மீ. உயரத்துக்கு 55.83-க்குப் பதில் 55.55 வரும். சுருக்கிய இடம் மூன்றாம் தசமம், ஆனால் அது 160-ஆல் பெருக்கப்படுகிறது. மேலே உள்ள முதல் வடிவத்தில் அதே 0.97-ஐ வைத்தால் இந்தப் பிழை வராது, ஏனென்றால் அங்கே பெருக்கப்படுவது x அல்ல, சராசரியிலிருந்து உள்ள சின்ன தூரம்தான். அதனால் கணிப்புக்கு நான் எப்போதும் முதல் வடிவத்தையே பயன்படுத்துவேன். அந்த −99.65-க்குத் தனியாகப் பொருள் தேடவும் வேண்டாம், அது உயரம் பூஜ்ஜியம் உள்ள ஆளின் எடை, டேபிளோ 152-இலிருந்து 168 வரைதான் பேசுகிறது.

கோட்டைச் சரிபார்ப்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உண்மை y-யிலிருந்து கோடு தரும் y-ஐக் கழித்தால் −0.05, 2.03, −2.89, 1.20, −1.69, 1.40 என்று வருகிறது, கூட்டினால் பூஜ்ஜியம். "பூஜ்ஜியம் வந்துவிட்டது, கோடு சரி" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. சராசரிப் புள்ளி வழியாகப் போகும் எந்தக் கோட்டுக்கும், அந்த 0.671 சாய்வுக் கோட்டுக்கும்கூட, இந்தக் கூடுதல் பூஜ்ஜியம்தான். இன்னொரு படி இருக்கிறது: ஒவ்வொரு மிச்சத்தையும் அதன் u-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். சரியான கோட்டுக்கு 0.4 − 10.15 + 5.78 + 1.20 − 8.45 + 11.20 = −0.02, தசமச் சுருக்கத்தைத் தவிர்த்தால் பூஜ்ஜியம். 0.671 சாய்வுக் கோட்டுக்கு இதே கூடுதல் சுமார் 55 வரும்.