"பாஸ்வேர்டு மாற்றிட்டீங்களா? அப்ப டிக்கெட் க்ளோஸ்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

நான் ஒரு பிஷிங் மெயிலில் சிக்கி, தெரிந்ததும் உடனே பாதுகாப்புக் குழுவிடம் சொல்லியும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை இழந்தார். அவர்களும் தப்பு செய்தார்கள், நான் புகாரை எழுதிய விதத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டையும் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி பதில் உங்களுக்கும் வரலாம்.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அலுவலக மெயில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இருக்கிறது, அதன் பாதுகாப்பை ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்கனவே பழக்கமான ஒரு சப்ளையரின் முகவரியிலிருந்தே "திருத்திய இன்வாய்ஸ்" என்று ஒரு லிங்க் வந்தது (அவருடைய மெயில் கணக்கே முன்பே களவு போயிருந்தது, அது பிற்பாடுதான் தெரிந்தது). திறந்ததும் வழக்கமான லாகின் பக்கம். காலை 10:12-க்கு பாஸ்வேர்டு போட்டேன், போனில் வந்த குறியீட்டையும் போட்டேன். ஒரு வெற்று ஆவணம் திறந்தது. சப்ளையரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டேன். 11:05-க்கு அவரே போன் செய்து "நான் எதுவும் அனுப்பவில்லை" என்றபோதுதான் முகவரிப் பட்டையைப் போய்ப் பார்த்தேன். லாகின் பக்கத்தின் டொமைனே வேறு.

11:09-க்கு பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினேன்: "11:05-க்கு ஒரு பிஷிங் மெயில் பற்றித் தெரிய வந்தது, லிங்கைத் திறந்துவிட்டேன், பார்க்கவும்." அவ்வளவுதான். மெயிலை ஃபார்வர்டு செய்து இணைத்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து பதில் வந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அந்த மெயிலை அழித்துவிடுங்கள், குறிப்பிட்ட நேரத்தில் சந்தேகப்படும்படி எந்த லாகினும் இல்லை, டிக்கெட்டை மூடுகிறோம். நானும் சொன்னபடியே இரண்டையும் செய்தேன்.

ஒன்பதாவது நாள் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டேன், ரசீது ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். எந்தப் புதுக் கணக்கு? என் மெயிலிலிருந்தே வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. "உறுதிப்படுத்த முடியுமா" என்று அவர் இரண்டு முறை பதில் எழுதியும் இருக்கிறார். என் இன்பாக்ஸில் ஒன்றுகூட இல்லை. தேடித் தேடிக் கடைசியில் நான் ஒருநாளும் திறந்திராத RSS Feeds என்ற ஃபோல்டரில் 14 மெயில்கள், எல்லாமே "படித்தது" என்ற குறியோடு கிடந்தன. அவற்றை அங்கே தள்ளியது ஒரு இன்பாக்ஸ் ரூல். அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. பட்டியலில் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிப் பெயர் வைக்கிறார்கள்.

நான் சத்தம் போட்ட பிறகு அதே நிறுவனத்தில் வேறொருவர் விசாரித்தார். அவர் முதலில் கேட்ட கேள்வியே "லிங்கைத் திறந்தது எத்தனை மணிக்கு, தெரிய வந்தது எத்தனை மணிக்கு?" என்பதுதான். முதல் ஆள் 11:05 என்ற ஒரே நேரத்தை வைத்து அதற்குப் பிந்திய லாகின்களை மட்டும் பார்த்திருக்கிறார். போதாததற்கு, லாகின் பதிவுகளை அவர் எடுத்தது உலகப் பொது நேரமான யூடிசியில், நான் எழுதியது எங்கள் கடிகார நேரம். ஆக அவர் பார்த்தது சம்பந்தமே இல்லாத இன்னொரு மணி நேரத்தை. நேர மண்டலத்தைக் கேட்டிருக்க வேண்டியது அவர் வேலை. ஆனால் நானும் எழுதியிருக்கலாம்.

சரியான நேரத்தில் தேடியபோது எல்லாம் வரிசையாக வந்தது. 10:12-க்கு, நாங்கள் யாருமே பயன்படுத்தாத ஒரு சர்வர் வாடகை நிறுவனத்தின் ஐபியிலிருந்து என் பெயரில் லாகின். அந்தப் போலிப் பக்கம் நான் தட்டச்சு செய்ததையெல்லாம் அப்படியே உண்மையான தளத்துக்குக் கடத்தி, உள்ளே நுழைந்த பிறகு தளம் தரும், மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் செஷன் குக்கீயைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. குறியீடு கேட்கும் பாதுகாப்பு இருந்தும் பயனில்லாமல் போனது இதனால்தான். 10:19-க்கு என் கணக்கில் இன்னொரு போன் உறுதிப்படுத்தும் கருவியாகச் சேர்ந்தது. 10:26-க்கு அந்தப் புள்ளி ரூல். நான் உணர்வதற்கு முன்னாலேயே திருடன் என் கணக்கில் குடியேறிவிட்டான். அப்புறம் நான் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி என்ன பயன்? ரூல் அப்படியே இருக்கும், அவன் சேர்த்த போன் அப்படியே இருக்கும், திறந்திருக்கும் செஷன்களும் தாமாக அறுந்துவிடும் என்று நம்ப முடியாது.

அதனால் புகார் கொடுக்கும்போது இப்படி எழுதுங்கள்: "மெயில் வந்தது 9:48, பாஸ்வேர்டும் குறியீடும் போட்டது 10:12, தெரிய வந்தது 11:05, புகார் 11:09, எல்லாம் உள்ளூர் நேரம், யூடிசியிலிருந்து இத்தனை மணி வித்தியாசம். இதுவரை நான் எதையும் மாற்றவில்லை, அழிக்கவில்லை." என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பதை மறைக்கவே வேண்டாம். "லிங்கைத் திறந்தேன்" என்பதும் "பாஸ்வேர்டு, குறியீடு இரண்டையும் போட்டேன்" என்பதும் அவர்களுக்கு வேறு வேறு வேலை. மெயிலை ஃபார்வர்டு செய்யாமல் .eml கோப்பாக இணையுங்கள், ஃபார்வர்டு செய்தால், மெயில் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் மூல ஹெட்டர் போய்விடும். அதை வைத்துத்தான் அதே மெயில் வேறு யாருக்கெல்லாம் வந்தது என்று தேடி எல்லார் பெட்டியிலிருந்தும் எடுக்க முடியும். எங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வந்திருந்தது. நான் அழித்துவிட்டதால் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது.

அவர்கள் "முடித்துவிட்டோம்" என்று சொன்னால், செஷன்களைத் துண்டித்தீர்களா, ரூல்களைப் பார்த்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். இரண்டும் இரண்டே வரி வேலை, முதல் வரி மைக்ரோசாஃப்ட் கிராஃப் பவர்ஷெல்லில், இரண்டாவது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில்:

```
Revoke-MgUserSignInSession -UserId user@example.com
Get-InboxRule -Mailbox user@example.com -IncludeHidden
```

முதல் கட்டளை கொடுத்த பிறகும் ஏற்கனவே திருடன் கைக்குப் போன, உள்ளே விடும் டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் வேலை செய்யலாம், அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்கையே முடக்கி வைப்பது நல்லது. அதோடு, உறுதிப்படுத்தும் கருவிகளின் பட்டியலை உங்களிடம் காட்டி "இதெல்லாம் உங்களுடையதுதானா" என்று கேட்க வேண்டும். உங்கள் கணக்கின் வழியாக ஏதாவது செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தப்பான ரூல் கிடைத்தால் அதை நகலெடுத்துக்கொண்டுதான் நீக்க வேண்டும், அதில் இருக்கும் சொற்களிலிருந்தே அவன் எந்த மெயில்களைத் தேடினான் என்று தெரியும். என்னுடையதில் அந்த வாடிக்கையாளரின் டொமைனும் "வங்கி" என்ற சொல்லும் இருந்தன. முதல் நாளே யாராவது பார்த்திருந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுத் தடுத்திருப்பேன்.

லாகின் பதிவுகளை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் உரிமத்தில் அவை 30 நாள் இருக்கும், இலவச உரிமத்தில் 7 நாள்தான். ஒன்பதாவது நாள் விழித்துக்கொண்ட எனக்கு அந்த நிலை வந்திருந்தால் 10:12 என்ற வரியே கிடைத்திருக்காது.

வாடிக்கையாளரின் வங்கி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு நிறுத்தக் கோரிக்கை அனுப்பியது. அந்தக் கணக்கில் அதற்குள் எதுவும் மிச்சமில்லை என்று பதில் வந்தது.